"பேரே போடலயே சார்"னு சொல்ற பேப்பர் மேல பிரஸ் கவுன்சில்ல புகார் கொடுக்குறது எப்படி

கேள்வி: எங்க அண்ணன் பொண்ணுக்கு 13 வயசு. போக்சோ கேஸ் நடந்துட்டு இருக்கு. போன வாரம் ஒரு தமிழ் டெய்லில நியூஸ் வந்துச்சு. பேர் போடல, ஆனா ஊரு, தெரு, ஸ்கூல், அண்ணன் பாக்குற வேலை எல்லாம் போட்டுட்டாங்க. ஆபீஸுக்கு போன் பண்ணா "பேரே போடலயே சார்"னு வெச்சுட்டாங்க. பிரஸ் கவுன்சிலுக்கு லெட்டர் எப்படி எழுதுறது? அண்ணன் பேர்ல எழுதணுமா, நான் எழுதலாமா?

பதில்:

முதல்ல அவங்க போன்ல சொன்ன அந்த ஒரு வரிய எடுத்துக்குவோம், ஏன்னா நாளைக்கு எழுத்துலயும் இதத்தான் பதிலா கொடுப்பாங்க, உங்க லெட்டர் முழுசும் இத உடைக்கிறதுக்குத்தான் இருக்கணும். போக்சோ சட்டம் 2012, பிரிவு 23(2) பேர மட்டும் போடக்கூடாதுன்னு சொல்லல. பேரு, விலாசம், போட்டோ, குடும்ப விவரம், ஸ்கூல், அக்கம்பக்கம்னு வரிசையா சொல்லிட்டு, குழந்தைய அடையாளம் காட்டிக் கொடுக்கக்கூடிய வேற எந்த விவரமும் எந்த மீடியாலயும் வரக்கூடாதுன்னு முடிக்குது. உங்க கேஸ்ல தெரு, ஸ்கூல், அப்பா வேலை மூணுமே அந்த லிஸ்ட்லயே நேரடியா இருக்கு. அதனால "பேர் போடல"ங்கிறது பதிலே இல்ல, சட்டம் சொல்ற ஆறு ஏழு விஷயத்துல ஒண்ண மட்டும் விட்டுட்டு மத்தத மீறிருக்கோம்னு அவங்களே ஒத்துக்குற மாதிரிதான் அது.

இதுக்கு மேல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு ஒண்ணு இருக்கு, நிபுன் சக்சேனா எதிர் இந்திய அரசு, 2018 டிசம்பர் 11, நீதிபதிகள் மதன் லோகுர், தீபக் குப்தா. அதுல அவங்க சொன்ன உதாரணம் உங்களுக்கு ரொம்ப உபயோகப்படும். ஒரு பொண்ணு பேர சொல்லாம, மாநில போர்டு எக்ஸாம்ல முதல் இடம் வந்தவன்னும் எந்த மாநிலம்னும் மீடியால சொல்லிட்டாங்க, அது போதாதா யாருன்னு கண்டுபிடிக்கன்னு கோர்ட் கேட்டுச்சு. இன்னொண்ணு, டிவில பாதிக்கப்பட்டவங்க முகத்த மங்கலாக்கிட்டு சொந்தக்காரங்க முகம், பக்கத்து வீட்டுக்காரங்க முகம், கிராமத்து பேரு எல்லாத்தையும் தெளிவா காட்டுறது. ரெண்டுமே அடையாளம் காட்டுறதுதான்னு அந்த தீர்ப்பு சொல்லுது. தூரத்துல இருந்தாகூட, சுத்தி வளைச்சாகூட யாருன்னு தெரியுற மாதிரி எந்த தகவலும் வெளியிடக்கூடாதுங்கிறதுதான் அதோட சாரம். இத உங்க லெட்டர்ல வருஷத்தோட ஒரு பாராவா கண்டிப்பா போடுங்க.

இப்போ யார் பேர்ல எழுதுறதுங்கிற கேள்வி. இத நிறைய பேர் யோசிக்கிறதே இல்ல, ஆனா எனக்கு இதுதான் முதல் விஷயம். பிரஸ் கவுன்சில் முடிவுகள் வெளியாகும்போது புகார் கொடுத்தவர் பேரு, ஊரு, எதிர்ல எந்த பேப்பரோட எடிட்டர்னு தலைப்புலயே வரும். உங்க அண்ணன் பேர்ல, உங்க ஊர் விலாசத்துல புகார் போச்சுன்னா, பேப்பர் எந்த தகவல வெளிய விட்டுச்சுன்னு நீங்க புகார் பண்றீங்களோ அத ஒரு வருஷம் கழிச்சு அந்த முடிவே மறுபடி எல்லாருக்கும் சொல்லிடும். நீங்க சித்தப்பா, அதே இனிஷியல் இல்லாட்டியும் அதே ஊரு, ஆளப் பாத்தாலே யார் வீடுன்னு தெரியும், அதனால நீங்களும் வேணாம். பாதிக்கப்பட்டவங்கதான் புகார் கொடுக்கணும்னு கவுன்சில்ல கட்டாயம் கிடையாது, பத்திரிகை ஒழுக்கத்த மீறிட்டாங்கன்னு எந்த வாசகரும் கொடுக்கலாம். மாவட்ட தலைநகர்ல இருக்குற ஒரு வக்கீல், குழந்தைகள் விஷயத்துல வேலை பாக்குற ஒரு அமைப்புல இருக்குறவங்க, உங்க குடும்பத்தோட சம்பந்தமே வெளிய தெரியாத ஒருத்தர் கையெழுத்து போடட்டும். ஸ்கூல் டீச்சர் பாவம் உதவிக்கு வருவாங்க, ஆனா அவங்க பேர்ல போனா ஸ்கூல் தெரிஞ்சிடும், அதனால அவங்களும் வேணாம். வேற ஆளே கிடைக்கலன்னா நீங்களே போடுங்க, ஆனா லெட்டர்ல முதல் பாராவுலயே "புகார்தாரரின் பெயரும் ஊரும் குழந்தையை அடையாளம் காட்டிவிடும், ஆகவே கவுன்சிலின் உத்தரவிலும் விசாரணைப் பட்டியலிலும் அவற்றை மறைக்க வேண்டும்" அப்படின்னு கேட்டுருங்க.

லெட்டர் எழுத உக்காரறதுக்கு முன்னாடி கட்டிங்க கையில எடுத்து சிவப்பு பேனாவால கோடு போடுங்க. உங்க கட்டிங்க நான் பாக்கல, அதனால இந்த மாதிரி செய்திகள்ல வழக்கமா வர்ற வாசகத்த வெச்சு நானே ஒண்ணு எழுதி காட்டுறேன்: "... அருகே உள்ள ... கிராமம், பிள்ளையார் கோவில் தெருவைச் சேர்ந்தவர், தனியார் நூற்பாலையில் சூபர்வைசராக வேலை பார்க்கிறார். இவரது 13 வயது மகள் அங்குள்ள அரசு உயர்நிலைப் பள்ளியில் 8-ம் வகுப்பு படிக்கிறார். மாவட்ட கபடி அணியில் உள்ள இந்த மாணவிக்கு, அவரது தாய்மாமன் (இங்க முழு பேரும் வயசும்) ..."

இப்போ ஒவ்வொரு துண்டையும் தனியா பாருங்க. அரசு உயர்நிலைப் பள்ளி 8-ம் வகுப்புன்னு மட்டும் வந்திருந்தா நாப்பது அம்பது பொண்ணுங்க. கபடி டீம்னு சேந்தா ரெண்டு மூணு பேரு. மில் சூபர்வைசர் பொண்ணுன்னு சேந்தா ஒரே ஒருத்தி. இப்படி ஒவ்வொரு விவரமா சேரச் சேர கூட்டம் எப்படி ஒருத்தியா குறைஞ்சுதுன்னு நீங்க லெட்டர்ல அதே வரிசைல எழுதிக் காட்டணும். "எங்க பொண்ண அடையாளம் காட்டிட்டாங்க"ன்னு பொதுவா எழுதுனா பேப்பர்காரங்க "இல்ல"ன்னு ஒரே வார்த்தைல மறுத்துடுவாங்க. எந்த வாக்கியம், எந்த வார்த்தை, அது எப்படி ஆள காட்டுதுன்னு எழுதினா மறுக்குறது கஷ்டம்.

இதுல தாய்மாமன் பேர் போட்டதுதான் மோசமானது, ஆனா அதத்தான் எல்லாரும் கண்டுக்காம விட்டுடுறாங்க. பெரியவங்கள கைது பண்ணா அவங்க பேர போடுறதுக்கு பொதுவா தடை இல்ல. ஆனா பேரும் போட்டு உறவு முறையும் போட்டா, அந்த ஆள தெரிஞ்ச எல்லாருக்கும் அக்கா பொண்ணு யாருன்னு தெரிஞ்சிடும். அது சட்டத்துல சொல்ற குடும்ப விவரத்துலதான் வரும். ஒண்ணு பேர போடு உறவ விடு, இல்ல உறவ போடு பேர விடு, ரெண்டும் ஒரே செய்தில வரக்கூடாது, என் கருத்துல இது டெஸ்க்ல உக்காந்திருக்குற சப் எடிட்டருக்கு தெரிஞ்சிருக்க வேண்டிய அடிப்படை. அதே மாதிரி ஒரு பேப்பர் உறவ மட்டும் போடும், இன்னொண்ணு பேர மட்டும் போடும், ரெண்டையும் படிச்சா தெரிஞ்சிடும். அப்படி ஆகிருந்தா அந்த இன்னொரு கட்டிங்கும் எடுத்து வைங்க, ஆனா புகார் ஒவ்வொரு பேப்பர் மேலயும் தனித்தனியா போகணும்.

போட்டோ இருந்தா அதையும் எழுதுங்க. முகத்த மங்கலாக்கிட்டு யூனிஃபார்ம், வீட்டு வாசல், அம்மா முகம் தெரியுற மாதிரி போடுறது சர்வசாதாரணமா நடக்குது.

அடுத்து எடிட்டருக்கு லெட்டர். கவுன்சிலுக்கு நேரா எழுதிடலாம்னு தோணும், ஆனா விசாரணை விதிகள் (1979) படி முதல்ல எடிட்டர் கவனத்துக்கு கொண்டு போயிருக்கணும், அவர் பதில் கொடுத்தா அந்த காப்பியையும் புகாரோட வைக்கணும். போன் பண்ணது கணக்குல வராது. பேப்பரோட கடைசி பக்கத்துல அடில பொடி எழுத்துல எடிட்டர், வெளியிடுபவர், அச்சிடுபவர் பேரும் விலாசமும் இருக்கும், அந்த விலாசத்துக்கு ஸ்பீட் போஸ்ட்ல, ரிஜிஸ்ட்ரேஷனோட, டெலிவரி ஆதாரம் கேட்டு அனுப்புங்க, கூடவே அவங்க மெயிலுக்கும் ஒரு காப்பி. ரெண்டு வாரம் டைம் கொடுங்க, போதும்.

அந்த லெட்டர்ல என்ன கேக்கணும்ங்கிறது முக்கியம். வெப்சைட்ல, இ-பேப்பர்ல இருந்து அந்த செய்திய உடனே எடுக்கணும், இனிமே இந்த கேஸ் பத்தி எழுதுறப்போ இந்த விவரங்கள் எதுவும் வரக்கூடாது, யார் எழுதினாங்க யார் பாஸ் பண்ணாங்கன்னு விளக்கம் கொடுக்கணும். ஆனா "திருத்தம் போடுங்க"ன்னு மட்டும் தயவுசெஞ்சு கேக்காதீங்க. திருத்தம்னு கேட்டா "கடந்த ... தேதியில் ... கிராமம் ... பள்ளி மாணவி குறித்த செய்தியில்..."னு ஆரம்பிச்சு எல்லாத்தையும் இன்னொரு தடவ அச்சடிச்சு, அதுக்கு கீழ வருந்துகிறோம்னு போட்டு முடிச்சுடுவாங்க. வருத்தம் தெரிவிக்கணும்னா உங்களுக்கு எழுத்துல தெரிவிக்கட்டும், அச்சுல போடுறதா இருந்தா எந்த விவரமும் இல்லாம "குழந்தைகள் தொடர்பான ஒரு செய்தியில்"னு மட்டும் இருக்கணும்னு தெளிவா எழுதிடுங்க.

காலக்கெடு பத்தி சொல்லிடுறேன். டெய்லி, வார இதழ்னா செய்தி வந்த நாள்ல இருந்து ரெண்டு மாசத்துக்குள்ள கவுன்சிலுக்கு புகார் போயிருக்கணும், மத்த இதழ்களுக்கு நாலு மாசம். எடிட்டர் பதில் சொன்ன நாள்ல இருந்து இல்ல, செய்தி வந்த நாள்ல இருந்து. பேப்பர்காரங்க "விசாரிச்சுட்டு இருக்கோம், அடுத்த வாரம் சொல்றோம்"னு இழுத்தா அதுக்காக காத்திருக்காதீங்க, பதில் வரலன்னே எழுதி அனுப்பிடுங்க. தாமதத்துக்கு நியாயமான காரணம் இருந்தா சேர்மன் ஏத்துக்கலாம்தான், ஆனா அத நம்பி இருக்க வேணாம்.

இனி கவுன்சிலுக்கான லெட்டர். விலாசம்: செக்ரட்டரி, பிரஸ் கவுன்சில் ஆஃப் இந்தியா, சூச்னா பவன், 8 சி.ஜி.ஓ. காம்ப்ளக்ஸ், லோதி ரோடு, நியூ டெல்லி 110003. ஃபீஸ் கிடையாது, வக்கீல் வெச்சுத்தான் ஆகணும்னும் இல்ல. செய்தி தமிழ்ல இருக்குறதால கட்டிங்கோட இங்கிலீஷ் மொழிபெயர்ப்பும் வைக்கணும், அதனால லெட்டரையும் இங்கிலீஷ்லயே எழுதிடுறது நல்லது. மொழிபெயர்ப்புல எதையும் மென்மையாக்காதீங்க, கோவத்துல ஏத்தியும் விடாதீங்க, வரிக்கு வரி அப்படியே இருக்கணும். வார்த்தை மாறிருந்தா பேப்பர் தரப்பு அத பிடிச்சுக்கிட்டு முழு புகாரையுமே சந்தேகத்துக்கு உள்ளாக்கும்.

லெட்டர் எப்படி ஓடணும்னு தமிழ்ல சொல்றேன், நீங்க மாத்திக்குங்க. முதல் பாரா: "... நாளிதழின் ... பதிப்பில், ... தேதி, ... ஆம் பக்கத்தில் வெளியான செய்தி குறித்து, பிரஸ் கவுன்சில் சட்டம் 1978, பிரிவு 14-ன் கீழ் இந்தப் புகாரை அளிக்கிறேன். செய்தி, பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்ட 18 வயதுக்குக் குறைந்த ஒரு குழந்தையை அடையாளம் காட்டுகிறது. இந்தக் கடிதத்தில் அவரை 'அந்தக் குழந்தை' என்று மட்டுமே குறிப்பிடுகிறேன். செய்தி நறுக்கும் மொழிபெயர்ப்பும் மூடி முத்திரையிட்ட தனி உறையில் உள்ளன." எந்த பதிப்புன்னு போட மறக்காதீங்க, மதுரை பதிப்புல வந்தது சென்னை பதிப்புல வந்திருக்காது, அவங்க வேற பதிப்ப காட்டி "அப்படி ஒரு செய்தியே இல்ல"ன்னு சொல்ல இடம் கொடுக்கக்கூடாது.

கட்டிங்க தனி கவர்ல போட சொல்றதுக்கு காரணம் இருக்கு. லெட்டர் பல மேஜைக்கு போகும், காப்பி எடுப்பாங்க. லெட்டர் உடம்புல குழந்தை பேரோ தெருவோ ஸ்கூலோ இருந்தா அது ஒவ்வொரு காப்பிலயும் போகும். அப்போ ஒவ்வொரு துண்டா எழுதுறது எப்படின்னு கேப்பீங்க. "செய்தியின் 1-வது வாக்கியம் தெருவையும் தந்தையின் தொழிலையும் பணியிடத்தையும் சொல்கிறது, 2-வது வாக்கியம் பள்ளியையும் வகுப்பையும், 3-வது வாக்கியம் குழந்தை உள்ள விளையாட்டு அணியையும், கைதானவரின் பெயரையும், குழந்தைக்கு அவர் என்ன உறவு என்பதையும்"னு வாக்கிய நம்பர் போட்டு எழுதுங்க, கட்டிங்ல ஓரத்துல அதே நம்பர பேனால போடுங்க. படிக்கிறவருக்கு புரியும், லெட்டர் மட்டும் வெளிய போனாலும் யாருன்னு தெரியாது.

ரெண்டாவது பாரா அந்த வாக்கியங்கள். மூணாவதுல எந்த விதி மீறல். போக்சோ 23(2) சொல்லியாச்சு. கூடவே ஜுவனைல் ஜஸ்டிஸ் சட்டம் 2015, பிரிவு 74 போடுங்க, குற்றத்தால பாதிக்கப்பட்ட குழந்தையோ சாட்சியான குழந்தையோ, பேரு விலாசம் ஸ்கூல் போட்டோ எதுவும் வரக்கூடாதுன்னு அது சொல்லுது. இது பாலியல் குற்றத்துக்கு மட்டும் இல்ல, கடத்தல், அடிதடி, கொத்தடிமை எதுவா இருந்தாலும் பொருந்தும். பொண்ணோட தம்பி சாட்சியா இருந்து அவனப் பத்தியும் செய்தில வந்திருந்தா அதுக்கும் இதே பிரிவுதான். கடைசியா கவுன்சிலோட சொந்த பத்திரிகை ஒழுக்க நெறிகள், அதுல குழந்தைகள் மேல நடக்குற பாலியல் குற்றச் செய்திகள்ல பேரு, போட்டோ, அடையாளம் காட்டுற மத்த விவரங்கள் வெளியிடக்கூடாதுன்னு தெளிவா இருக்கு. கவுன்சில் கிரிமினல் கோர்ட் இல்ல, அவங்க முதல்ல பாக்குறது பத்திரிகை ஒழுக்கம் மீறப்பட்டுச்சாங்கிறதத்தான், அதனால இந்த நெறிய சட்டப் பிரிவுகளுக்கு கீழ ஒரு வரியா தள்ளிடாம தனியா எழுதுங்க.

நாலாவது பாரா, குழந்தைக்கு என்ன ஆச்சு. இங்க அளவா இருங்க. ஸ்கூலுக்கு போறத நிறுத்திட்டா, வீட்டு வாசல்ல ஆளுங்க வந்து விசாரிச்சாங்க, அண்ணன் வேலை பாக்குற இடத்துல கேள்வி கேட்டாங்க, நடந்தத நடந்த மாதிரி தேதியோட எழுதுனா போதும். குற்றம் எப்படி நடந்துச்சுங்கிற விவரம் ஒரு வரிகூட வேணாம், இந்த புகாருக்கு அது தேவையே இல்ல.

அப்புறம் உறுதிமொழி. எனக்குத் தெரிஞ்ச எல்லா விவரத்தையும் வெச்சிருக்கேன், இந்த விஷயம் எந்த கோர்ட்லயும் நிலுவைல இல்ல, பின்னாடி கோர்ட்டுக்கு போனா கவுன்சிலுக்கு தெரியப்படுத்துறேன்னு எழுதி கையெழுத்து போடணும். உங்க கேஸ் சிக்குறது இந்த இடத்துலதான், ஏன்னா போக்சோ கேஸ் கோர்ட்ல ஓடிட்டு இருக்கு. கோர்ட்ல நிலுவைல இருக்குற விஷயத்த கவுன்சில் விசாரிக்கக்கூடாதுன்னு பிரிவு 14(3) சொல்லுது, பேப்பர் தரப்பு இத தூக்கிட்டு வர வாய்ப்பு அதிகம். அதனால மறைக்காம நீங்களே எழுதிடுங்க: "குற்றம் சாட்டப்பட்டவர் மீதான வழக்கு சிறப்பு நீதிமன்றத்தில் நடக்கிறது. அதில் முடிவாக வேண்டியது அவர் குற்றம் செய்தாரா என்பது. இந்தப் புகாரில் கேட்கப்படுவது நாளிதழ் வெளியிட்டது சரியா என்பது மட்டுமே. இந்த வெளியீடு தொடர்பாக எந்த நீதிமன்றத்திலும் நடவடிக்கை நிலுவையில் இல்லை." மறைச்சு வெச்சு பின்னாடி தெரிஞ்சா புகார் அங்கேயே விழுந்துடும்.

என்ன வேணும்னு கேக்குற பாரால, கவுன்சில் செய்ய முடிஞ்சத மட்டும் கேளுங்க. பிரிவு 14 படி எச்சரிக்கலாம், கண்டிக்கலாம், எடிட்டரோ நிருபரோ நடந்துக்கிட்டத ஏத்துக்க முடியாதுன்னு சொல்லலாம், அந்த முடிவ அதே பேப்பர்ல வெளியிட சொல்லலாம். அபராதம் போட முடியாது, நஷ்ட ஈடு வாங்கித் தர முடியாது, யாரையும் உள்ள வைக்க முடியாது. வெளியிட சொல்லும்போது குழந்தை பத்தின எந்த விவரமும் அதுல வரக்கூடாதுன்னு கேளுங்க. முடிவோட காப்பி அரசு விளம்பரம் கொடுக்குற துறைக்கும் போகணும்னு ஒரு வரி சேத்துக்கலாம், பேப்பர் முதலாளிங்க கவனிக்கிறது அந்த வரியத்தான்.

அனுப்பினதுக்கு அப்புறம் எடிட்டருக்கு நோட்டீஸ் போகும், அவர் பதில் உங்க ஆளுக்கு வரும், அதுக்கு மறுப்பு எழுதலாம். அப்புறம் விசாரணைக் குழு ரெண்டு தரப்பையும் கூப்பிட்டு கேக்கும், அந்த குழு சொல்றத வெச்சு கவுன்சில் முடிவு எடுக்கும். வேகமா நடக்காது, ஒரு வருஷம் தாண்டினாலும் ஆச்சரியப்படாதீங்க.

எடிட்டர் பதில்ல என்னென்ன வரும்னு இப்பவே தெரியும். "போலீஸ் கொடுத்த தகவலத்தான் போட்டோம்" வரும். போலீஸ் கொடுத்தது தப்புதான், அதுக்கு தனியா எஸ்.பி.க்கு எழுதுங்க, ஆனா அது எடிட்டரோட பொறுப்ப எடுத்துடாது. போக்சோ பிரிவு 23(3)ல பத்திரிகைய வெளியிடுறவரும் ஓனரும் ஊழியர் செஞ்சதுக்கு சேந்தே பொறுப்புன்னு இருக்கு. "குழந்தையோட அப்பாவே பேசினார், அவர் சம்மதிச்சார்" வரும். உங்க அண்ணன் அழுதுக்கிட்டே நிருபர்கிட்ட ஏதாவது பேசியிருந்தாலும் கவலைப்பட வேணாம். போக்சோல அப்பா அம்மா சம்மதம்னு ஒரு விதிவிலக்கே கிடையாது, குழந்தையோட நன்மைக்குன்னு காரணத்த எழுத்துல பதிவு பண்ணி சிறப்பு கோர்ட் மட்டும்தான் அனுமதி கொடுக்கலாம். "ஊர்ல எல்லாருக்கும் ஏற்கனவே தெரியும்" வரும். தெருவுல நாலு பேருக்கு தெரியுறது வேற, மாவட்டம் பூரா அச்சுல போறது வேற, பத்து வருஷம் கழிச்சு அவளுக்கு வரன் பாக்குறப்போ யாரோ கூகுள்ல தேடினா வந்து நிக்கிறது வேற. "பொதுநலனுக்காக போட்டோம், நீதி கேட்டு போட்டோம்" வரும். 2018ல ஜம்மு பக்கம் கத்துவாவுல கொல்லப்பட்ட குழந்தை விஷயத்துல நாடே நீதி கேட்டுச்சு, ஆனாலும் பேரும் போட்டோவும் போட்டதுக்கு டெல்லி ஹைகோர்ட் தானா நோட்டீஸ் விட்டு, பல பெரிய மீடியா நிறுவனங்கள் ஆளுக்கு 10 லட்சம் ரூபாய் பாதிக்கப்பட்டோர் நிதிக்கு கட்ட வேண்டியதாச்சு. அந்தக் குழந்தை உயிரோடவே இல்ல, அப்பவும் விதி பொருந்துச்சு. இந்த ஒரு உதாரணம் போதும் அந்த வாதத்துக்கு.

தண்டனை வேணும்னா கவுன்சில் இடம் இல்ல. போக்சோ பிரிவு 23ல குறைஞ்சது ஆறு மாசம், அதிகபட்சம் ஒரு வருஷம் ஜெயில், இல்ல அபராதம், இல்ல ரெண்டும். ஜுவனைல் ஜஸ்டிஸ் சட்டத்துல ஆறு மாசம் வரைக்கும் ஜெயிலோ ரெண்டு லட்சம் வரைக்கும் அபராதமோ ரெண்டுமோ. ஆனா ஸ்டேஷனுக்கு போனா உடனே எஃப்.ஐ.ஆர். போடுவாங்கன்னு நினைக்காதீங்க. பிரிவு 23ல மாஜிஸ்ட்ரேட் அனுமதி இல்லாம போலீஸ் விசாரிக்கலாமாங்கிறதுல, கர்நாடகால ஒரு பேப்பர் எடிட்டர் கேஸ்ல 2022 மார்ச்ல சுப்ரீம் கோர்ட் நீதிபதிகள் ரெண்டு பேரும் ரெண்டு விதமா தீர்ப்பு சொல்லி, தகுந்த பெஞ்ச் பாக்கட்டும்னு தலைமை நீதிபதிகிட்ட அனுப்பிட்டாங்க. அதனால மாஜிஸ்ட்ரேட் அனுமதியோட போறதுதான் பத்திரம்னு வக்கீல் சொல்லுவார். அத ஆரம்பிச்சா இந்த வெளியீடே கோர்ட் விஷயம் ஆகிடும், கவுன்சில் புகார் நின்னுடும். ரெண்டையும் ஒரே நேரத்துல ஓட்ட முடியாது, எதுன்னு குடும்பமா உக்காந்து முதல்லயே முடிவு பண்ணிக்குங்க. எனக்கு கேட்டா, பேப்பர் திரும்பத் திரும்ப செய்யுதுன்னா கோர்ட்டு, ஒரு தடவ நடந்ததுன்னா கவுன்சில், ஏன்னா கோர்ட்ல இன்னொரு கேஸ்னா அண்ணனும் பொண்ணும் இன்னொரு தடவ படி ஏற வேண்டி வரலாம்.

ஆனா இப்போதைக்கு அவசரம் லெட்டர் இல்ல, இன்டர்நெட்ல கிடக்குற செய்தி. கவுன்சில் அத இன்னைக்கு எடுக்க வைக்காது. முதல்ல வெப்சைட் பக்கத்த லிங்க், தேதியோட பிரிண்ட் எடுத்து வைங்க, எடுத்துட்டாங்கன்னா ஆதாரம் போயிடும். அப்புறம் அந்த சைட்லயே குறைதீர் அதிகாரின்னு ஒருத்தர் மெயில் இருக்கும், 2021 ஐ.டி. விதிகள்படி அவர் 15 நாள்ல முடிவு சொல்லணும், எடிட்டருக்கு லெட்டர் போடுற அன்னைக்கே அவருக்கும் மெயில் போடுங்க. கேஸ நடத்துற சிறப்பு அரசு வக்கீல்கிட்டயும், மாவட்ட குழந்தை நலக் குழுகிட்டயும் கட்டிங்க காட்டுங்க, அரசு வக்கீல் போக்சோ கோர்ட் கவனத்துக்கு கொண்டு போக முடியும், அவர் அங்க ஏதாவது மனு போட்டா அத உறுதிமொழில சேக்கணும்ங்கிறத மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க. டிவிலயோ யூடியூப்லயோ வந்திருந்தா அது பிரஸ் கவுன்சில் வரம்புலயே வராது, அதுக்கு வேற வழி.

கோவத்துல "பாருங்க எப்படி போட்டிருக்காங்க"ன்னு அந்த கட்டிங்க ஃபேமிலி க்ரூப்ல, ஊர் க்ரூப்ல யாராவது போட்டிருந்தா இன்னைக்கே டெலீட் பண்ண சொல்லுங்க. எடிட்டர் பதில் வந்ததும் பேர், ஊர் எல்லாம் அடிச்சுட்டு இங்க போடுங்க, மறுப்பு எழுத நான் கூட உக்காந்து உதவுறேன்.